அழித்த இடம் தெரிகிறதா?

கல்யாணப் படங்களில் வேண்டாத பொருள் ஏதாவது ஒன்று மூலையில் எட்டிப் பார்க்காத படம் அரிது. மேடை ஓரத்தில் லைட் ஸ்டாண்ட், தூணில் டேப் போட்டு ஒட்டிய வயர், தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே நிற்கும் பெடஸ்டல் ஃபேன், வீடியோக்காரரின் முழங்கை. ஆல்பத்துக்கென்று தேர்ந்தெடுத்த 300 படங்களில் இவற்றையெல்லாம் நீக்கித் தரும் வேலையை ஒரு ஸ்டூடியோ வெளியாளிடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தத்தையும் ஒப்படைப்பதற்கு முன் 12 படங்களை மட்டும் மாதிரிக்குக் கொடுப்பார்கள். அவை திரும்பி வந்ததும் மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் வைத்துப் பார்த்து, இந்தக் கையை நம்பலாமா என்று முடிவு செய்வார்கள். இந்தப் பார்வையை மேலோட்டமாக முடித்துவிட்டால் கோளாறு ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

தீர்ப்பு சொல்வதில் உள்ள சிக்கல் எளிமையானது. லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது கேமராவில் பதிவாகவே இல்லை. ஸ்டாண்டை எடுத்த இடத்தில் இப்போது தெரியும் சுவரும் திரையும் பூவும் ஒரு ஊகம். அது சரியா தவறா என்று சொல்ல, ஒத்துப்பார்க்க உண்மை கையில் கிடையாது. ஆகவே, கேட்க வேண்டியவை வேறு மூன்று. பொருள் அதன் நிழலோடும் பிரதிபலிப்போடும் முழுமையாகப் போய்விட்டதா? நிரப்பிய இடம் சுற்றுப்புறத்தோடு ஒட்டுகிறதா? தொடக்கூடாத இடத்தைத் தொட்டிருக்கிறார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால், மூன்றில் துல்லியமாக அளந்து சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

எந்தக் கருவியால் நீக்கினார்கள் என்பதைப் பொறுத்துப் பிழையின் முகமும் மாறும். படத்தில் விட்டுப்போன இடத்தைக் கணினியே நிரப்பும் முறையை 2000ஆம் ஆண்டு பெர்டால்மியோ குழுவினர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். ஓரத்தில் உள்ள கோடுகளையும் நிறங்களையும் உள்நோக்கி நீட்டிக்கொண்டே போவது அவர்களது வழி. கீறல் போன்ற மெல்லிய இடங்களில் அது நன்றாக வந்தது, அகலமான இடங்களில் மங்கிக் குழம்பியது. 2010இல் போட்டோஷாப்பில் வந்த Content-Aware Fill, படத்தின் வேறு பகுதிகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டுகிறது. அதனால் அதன் பிழை பெரும்பாலும் இரட்டிப்பாக இருக்கும்: ஒரே ரோஜாக் கொத்து இரண்டு இடத்தில், ஒரே சுவர்க் கறை இரண்டு இடத்தில். 2023க்குப் பிறகு பரவிய, கற்பனை செய்தே நிரப்பும் முறைகளில் மங்கலும் இருக்காது, இரட்டிப்பும் இருக்காது. இல்லாத ஒரு பூக்கூடையை அழகாக வரைந்து வைத்திருக்கும். பிழையே அழகாக இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம்.

மாதிரிப் படங்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதித் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. கைக்கு வந்த முதல் 12 படங்களைக் கொடுத்தால், எல்லாமே வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்ததாக அமைந்துவிடலாம். வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு வயரை நீக்க யாராலும் முடியும். வேலையின் கடினம் நீக்கும் பொருளில் இல்லை, அதன் பின்னணியில் இருக்கிறது. எனவே, 300 படங்களையும் பின்னணி வாரியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வெறும் சுவர், மடிப்புள்ள திரை, ஜரிகை போல ஒழுங்கான வடிவம் உள்ள துணி, பின்னால் நிற்கும் மனிதர்கள், பளபளக்கும் தரை, ஃபோகஸ் தவறி மங்கிய தூரம் என்று ஐந்தாறு வகை கிடைக்கும். வகைக்கு இரண்டு எடுத்தால் பத்துப் பன்னிரண்டு படம் சேர்ந்துவிடும்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று, நீக்க எதுவுமே இல்லாத படமாக இருக்க வேண்டும். அதையும் மற்றவற்றோடு சேர்த்து அனுப்பிவைப்பார்கள். அது போனபடியே திரும்பி வர வேண்டும். வராவிட்டால், எந்தப் பொருளையும் நீக்காமலேயே படத்துக்கு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அனுபவமுள்ள எடிட்டர்களே இந்த ஒரு படத்தைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். மற்றப் பதினொன்றும் சேர்ந்து சொல்லாததை இது சொல்லும்.

ஒப்பிடும் இரண்டு ஃபைல்களும் ஒரே நீள அகலம், ஒரே நிற அமைப்பு, ஒரே வகை ஃபைலாக இருப்பது அவசியம். திருத்திய படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வழியிலேயே அது சுருங்கி, நுண்விவரம் தேய்ந்து வந்திருக்கும். மாதிரியை PNG ஆகவோ TIFF ஆகவோ கேட்டு வாங்குவதே முறை.

பார்வைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திருத்திய படத்தை மட்டும், மூலப் படத்தைக் காட்டாமல், அது எந்த அளவில் அச்சாகப் போகிறதோ அந்த அளவில் பார்க்க வேண்டும். பார்ப்பவர் அந்தப் படத்தை முன்பு பார்க்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. “இதில் ஏதாவது கண்ணை உறுத்துகிறதா?” என்ற ஒரே கேள்வி போதும். எங்கே என்ன இருந்தது என்று தெரிந்துவிட்டால் கண் அந்த இடத்துக்கே ஓடும். தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கிறது. ஆல்பத்தைப் புரட்டப்போகும் உறவினர்களுக்கு மூலப் படம் தெரியாது. அவர்களது பார்வைக்கு மிக அருகில் வருவது இந்த முதல் பார்வைதான்.

அடுத்தது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. பக்கம் பக்கமாக வைப்பதைவிட, ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மாற்றி மாற்றிக் காட்டுவது பல மடங்கு பலன் தரும். போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ மூலப் படத்தைக் கீழ் லேயரிலும் திருத்தியதை மேல் லேயரிலும் வைத்து, மேல் லேயரின் கண் அடையாளத்தை அழுத்தி அழுத்தி விட்டால் போதும். மாறிய இடம் துள்ளும், மாறாத இடம் அசையாது. இடையில் ஒரு நொடிகூடத் திரை வெறுமையாகக் கூடாது. ரென்சிங்க் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1997இல் ஒன்றைக் காட்டினார்கள்: இரண்டு படங்களுக்கு நடுவே சிறிது நேரம் வெற்றுத் திரை வந்துபோனால், பெரிய மாற்றத்தைக்கூட மனிதர்கள் நீண்ட நேரம் கவனிப்பதில்லை. ஒரு படத்தை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்து பார்க்கிறவர்கள், தங்களை அறியாமல் அந்தச் சோதனையைத் தங்கள் மேலேயே நடத்திக்கொள்கிறார்கள்.

கண்ணால் பார்த்த பிறகு கழித்தல். மேல் லேயரின் கலப்பு முறையை Difference என்று மாற்றினால், இரண்டு படமும் ஒன்றாக உள்ள இடமெல்லாம் கறுப்பாகிவிடும், மாறிய இடம் மட்டும் ஒளிரும். மெல்லிய மாற்றங்கள் கறுப்புக்குள் மறைந்திருக்கும் என்பதால், மேலே ஒரு Levels லேயர் போட்டு வெளிச்சத்தை நன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். நிறையப் படங்கள் இருந்தால் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் ஒரே வரி போதும்:

```
magick compare -metric AE -fuzz 2% mun.png pin.png diff.png
```

மாறிய பிக்சல்கள் எத்தனை என்று இது எண்ணிச் சொல்லும், மாறிய இடத்தை diff.png என்ற படத்தில் குறித்தும் தரும். 2% என்பது, அதற்குக் குறைவான மிகச் சிறிய நிற வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்காதே என்ற கட்டளை.

கழித்த படத்தைப் படிப்பது ஒரு பழக்கம். கறுப்பு நடுவே ஸ்டாண்டின் வடிவத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரே ஒரு தீவு தெரிந்தால், வேலை அந்த இடத்தோடு நின்றிருக்கிறது. படம் முழுக்க மெல்லிய சதுரம் சதுரமாகப் புள்ளி தெரிந்தால், இடையில் யாரோ JPEG ஆகச் சேமித்திருக்கிறார்கள். எல்லாப் பொருள்களின் விளிம்பும் கோடு கோடாக ஒளிர்ந்தால், படம் ஒரு பிக்சல் நகர்ந்திருக்கலாம், அல்லது அளவு மாற்றித் திரும்பப் பழைய அளவுக்குக் கொண்டுவந்திருக்கலாம். நீக்க எதுவும் இல்லாத அந்தப் படத்தில் கன்னங்களும் நெற்றியும் மட்டும் ஒளிர்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். வந்த படங்கள் எல்லாவற்றுக்கும் தோல் மழமழப்பாக்கும் ஃபில்டர் ஒன்று கேட்காமலேயே ஓடியிருக்கிறது என்று அதற்குப் பொருள். மணப்பெண்ணின் பாட்டி முகத்துச் சுருக்கம் 300 படங்களிலும் காணாமல் போவதற்கு முன் அது தெரிந்துவிடுகிறது.

கழித்த படம் செய்ததை மட்டுமல்ல, செய்யாமல் விட்டதையும் காட்டும். மண்டபத்து மேடை ஓரத்தில், பளபளக்கும் கிரானைட் தரையில் நிற்கும் ஒரு லைட் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளலாம். திருத்திய படத்தில் ஸ்டாண்ட் இல்லை, பின்னால் இருந்த திரையின் மடிப்பு அழகாகத் தொடர்கிறது. முதல் பார்வையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், கழித்த படத்தில் தீவு ஸ்டாண்டின் காலோடு நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே தரை முழுக்கக் கறுப்பு. தரையை யாரும் தொடவே இல்லை. திரும்பிப் படத்தைப் பார்த்தால், கிரானைட்டில் வெளிறிய ஒரு செங்குத்துப் பட்டை கிடக்கிறது. அது சாஃப்ட்பாக்ஸின் பிரதிபலிப்பு. மேலே விளக்கே இல்லாத இடத்தில் கீழே அதன் சாயல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பொருள் போய் அதன் நிழலோ பிரதிபலிப்போ தங்கிவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நேரும் தவறு. தரை, கண்ணாடிக் கதவு, வெள்ளிக் குத்துவிளக்கு, மூக்குக் கண்ணாடி ஆகிய நான்கையும் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

நிரப்பிய இடத்தின் உள்ளே வந்தால் பார்க்க வேண்டியவை கோடு, குருணை, வடிவ ஒழுங்கு. 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கித்தான் இவற்றைப் பார்க்க முடியும். குருணை என்பது வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் ISO 3200இல் எடுத்த படங்களில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள். மூலப் படம் முழுக்க அந்த மணல் இருந்து, நிரப்பிய இடம் மட்டும் மெழுகு போல வழவழவென்று இருந்தால் அங்கே கை பட்டது தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் Curves லேயரில் கோட்டை மேலும் கீழுமாகச் சில மலைகள் போல வளைத்துப் பார்க்கலாம். நிறங்கள் தாறுமாறாகும். ஆனால், சாதாரணமாகக் கண்ணுக்குத் தப்பும் ஒட்டு விளிம்பு அதில் வெளிச்சம் போட்டது போல எழுந்து நிற்கும்.

வடிவ ஒழுங்குக்குக் கோலத்தைவிடக் கடுமையான சோதனை கிடையாது. மண்டப வாசலில் போட்ட சிக்குக் கோலத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் இரண்டு கால்கள் ஊன்றியிருக்கின்றன. நாற்காலியை நீக்கிய படத்தில் அந்த இடத்தில் புள்ளியும் இருக்கிறது, வளைவும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோலம் முழுமையாகத் தெரிகிறது. பெரிதாக்கி எண்ணினால் வலப்பக்க வரிசையில் எட்டுப் புள்ளி, அதற்கு நேரான இடப்பக்க வரிசையில் ஏழு. புள்ளியைச் சுற்றி வந்து மீண்டும் தொடங்கிய இடத்தில் முடிய வேண்டிய இழை ஒன்று பாதியில் செத்துப்போகிறது. மென்பொருள் கோலத்தின் ஒரு துண்டைப் பெயர்த்து ஒட்டியிருக்கிறது, கோலத்தின் கணக்கு அதற்குத் தெரியாது. கோலம் போட்டுப் பழகிய கண் இதை நொடியில் பிடித்துவிடும். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்களில் அந்தக் கண் உள்ளவர்கள் குறைவில்லை. இந்தப் படத்துக்கு மறுபக்க ஓரத்தை எடுத்துத் திருப்பிக் கையால் பொருத்துவதே தீர்வு, தானாக நிரப்பும் முறை எதுவும் உதவாது.

எந்தக் குறை பொறுக்கத்தக்கது என்பதற்கு அச்சு அளவுதான் அளவுகோல். 6000 பிக்சல் அகலமுள்ள படம் 18 அங்குல அகலத்தில் அச்சானால் அங்குலத்துக்கு 333 பிக்சல் வருகிறது. பத்துப் பிக்சல் அகலமுள்ள கோளாறு காகிதத்தில் முக்கால் மில்லிமீட்டர். திரையின் நிழலில் அந்த அளவுக்கு ஒரு மங்கல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதே முக்கால் மில்லிமீட்டர் ஒரு தூணின் விளிம்பில் விலகலாக வந்தால் கையில் வைத்துப் பார்க்கும்போதே தெரியும், ஏனென்றால் நேர்கோடு முறிவதைக் கண் மிக நுட்பமாகப் பிடிக்கும். ஆக, ஒரே அளவுள்ள இரண்டு குறைகளுக்கு ஒரே மதிப்பெண் போடுவது தவறு.

எண்ணால் தரத்தைச் சொல்லும் முறைகளும் உண்டு. PSNR, SSIM என்ற இரண்டும் அதிகம் புழங்குகின்றன. இவை ஒரு படம் உண்மைப் படத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளப்பவை. நீக்கும் வேலையில் உண்மைப் படம் இல்லை. மூலப் படத்தையே உண்மையாக வைத்துக் கணக்கிட்டால், ஸ்டாண்டை நீக்காமல் விட்டவருக்குத்தான் முழு மதிப்பெண் கிடைக்கும். உண்மைப் படம் வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மண்டபம் காலியாக இருக்கும்போது கேமராவை முக்காலியில் பூட்டி, ஸ்டாண்டோடு ஒரு படம், ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு ஒரு படம் எடுத்தால் போதும். முதல் படத்தை நீக்கக் கொடுத்து, வந்ததை இரண்டாவதோடு ஒப்பிடலாம்.

அப்போதும் ஒரு பொறி இருக்கிறது. நிரப்பிய இடம் படத்தின் பரப்பில் நூற்றில் இரண்டு பங்கு, மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது என்று கொள்வோம். நிரப்பிய இடத்தில் நிறம், 255க்குச் சராசரியாக 50 படி விலகியிருந்தால் அது மோசமான வேலை. அந்த இடத்தை மட்டும் அளந்தால் PSNR 14 டெசிபல் வரும், யாரும் ஏற்க மாட்டார்கள். படம் முழுவதற்கும் அளந்தால் அதே வேலைக்கு 31 டெசிபல் வந்துவிடும். தொடாத 98 பங்கு தொட்ட 2 பங்கின் குற்றத்தை மூடிவிடுகிறது. எண்ணைக் காட்டி யாராவது தரம் பேசினால், எந்தப் பரப்புக்கு அளந்தது என்று கேட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டு படங்களும் பார்த்து முடித்த பின் கையில் ஒரு முடிவு இருக்கும். எட்டு சுத்தம், மூன்றில் சிறு குறை, ஒன்று மோசம் என்று வந்தால் பலர் அதை மதிப்பெண்ணாக்கிப் பேரம் பேசுவார்கள். அதைவிடப் பயனுள்ளது, குறை வந்த நான்கும் எந்த வகைப் பின்னணி என்று பார்ப்பது. நான்கில் இரண்டு பளபளக்கும் தரை, இரண்டு ஒழுங்கான வடிவம் என்றால் செய்தி தெளிவு: சுவரும் திரையும் உள்ள படங்களை அப்படியே ஒப்படைக்கலாம், தரையும் கோலமும் ஜரிகையும் உள்ளவற்றைப் பிரித்துத் தனிக் குறிப்போடு, தனிக் கூலி பேசிக் கையால் செய்யச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டும் சுத்தமாக வந்துவிட்டால்? அதை வைத்து 300ம் சுத்தமாக வரும் என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு 22 படங்களைக் கெடுக்கக்கூடிய ஒருவரது வேலையிலிருந்து குருட்டாம்போக்கில் 12 எடுத்தால், பன்னிரண்டும் நல்லதாகவே அமைந்துவிடும் வாய்ப்பு நூற்றில் ஐந்து உண்டு. 300 படங்களில் 22 சதவீதம் என்பது 66 படம். சிறு மாதிரி எந்த வகையான தவறு வரும் என்பதை நன்றாகச் சொல்லும், எத்தனை வரும் என்பதைச் சொல்லாது. வகையறிவதற்காக வேண்டுமென்றே கடினமானவற்றைத் தேர்ந்தெடுத்த மாதிரி இது என்பதால் எண்ணிக்கைக்கு அது இன்னும் பொருந்தாது. அதற்கு, முழு வேலையும் முடிந்து வந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு 30 படங்களை எடுத்து அதே வரிசையில் பார்க்க வேண்டும். முப்பதும் சுத்தம் என்றால், மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அப்போது சொல்லலாம்.

மூலப் படங்கள் இல்லாவிட்டால் இந்தப் பார்வை எதுவும் நடக்காது. திருத்திய ஃபைலை அதே பெயரில் மேலேயே சேமித்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஆகவே, ஸ்டூடியோ நடத்துகிறவர்கள் ஆல்பம் பைண்டிங் முடிந்து வீட்டுக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை மூலப் படங்களைத் தனி ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்துவிடுங்கள்.